இன்றைய வெள்ளியா, அந்த ஆண்டு வெள்ளியா? என்பிவி கணக்கில் பணவீக்கத்தைக் கையாளும் முறை

ஒரு சனிக்கிழமை மாலை, பகல் வேலை பார்த்துக்கொண்டே கணக்கியல் தேர்வுக்குப் படிக்கும் தம்பி ஒருவர், தேக்கா உணவங்காடியில் என் முன்னால் இரண்டு தாள்களை விரித்தார். கேள்வி ஒன்றுதான், விடை இரண்டு. ஓர் இயந்திரத்துக்கான நிகர நிகழ்கால மதிப்பு, அதாவது என்பிவி: வருங்காலத் தொகைகளை இன்றைய மதிப்புக்கு இறக்கிக் கூட்டி, போட்ட பணத்தைக் கழித்தால் நிற்பது. ஒரு தாளில் அது 2,081 வெள்ளி கூடுதல். இன்னொன்றில் 1,747 வெள்ளி குறைவு. ஒன்று இயந்திரத்தை வாங்கலாம் என்கிறது, மற்றது வேண்டாம் என்கிறது. "அண்ணே, மூன்று தடவை கூட்டிப் பார்த்துவிட்டேன், தப்பே தெரியவில்லை" என்றார்.

கூட்டலில் தப்பு இல்லைதான். இரண்டாவது தாளில் வருமானத்தை இன்றைய விலையில் எழுதிவிட்டு, பணவீக்கத்தையும் சேர்த்த விகிதத்தால் வகுத்திருந்தார். என்பிவி கேள்விகளில் புதிதாகப் படிப்பவர்கள் மதிப்பெண் இழப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அன்று அவருக்கு எடுத்துச் சொன்ன வரிசையிலேயே இங்கும் எழுதுகிறேன்.

கேள்வி இது. இட்லி மாவு அரைத்து விற்கும் ஒரு கடை 66,000 வெள்ளிக்கு அரைக்கவும் பொட்டலம் கட்டவும் ஓர் இயந்திரம் வாங்க நினைக்கிறது. இயந்திரம் 3 ஆண்டு ஓடும். அதனால் ஆண்டுக்கு 25,000 வெள்ளி கூடுதலாகக் கையில் நிற்கும், இன்றைய விலையில். பொதுப் பணவீக்கம் 3 விழுக்காடு. வருங்காலத் தொகையை இன்றைய மதிப்புக்கு இறக்கும் தள்ளுபடி விகிதம், பணவீக்கத்தைச் சேர்க்காமல், அதாவது ரியல் விகிதமாக, 5 விழுக்காடு.

முதலில் வெள்ளியை வகை பிரியுங்கள்

இன்று ஒரு பொட்டலம் மாவு 3 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். விலைவாசி 3 விழுக்காடு ஏறினால் அடுத்த ஆண்டு அதே பொட்டலம் 3.09 வெள்ளி. கல்லாவில் உண்மையில் விழப்போவது 3.09. அதுதான் நாமினல் தொகை. அந்த 3.09-ஐ இன்றைய விலைக்குத் திருப்பினால் மறுபடி 3 வெள்ளி. அது ரியல் தொகை. மாவு மாறவில்லை, அளக்கிற கோல்தான் மாறியிருக்கிறது.

ஆகவே கேள்வித்தாளைப் படிக்கும்போது, கணக்கைத் தொடங்கும் முன் ஒவ்வொரு தொகையின் பக்கத்திலும் பென்சிலால் ஓர் எழுத்து போடுங்கள். "இன்றைய விலையில்", "பணவீக்கத்தைச் சேர்க்காமல்" என்ற பொருளில் இருந்தால் ரி. "ஒப்பந்தப்படி", "அந்த ஆண்டில் பெறப்படும் தொகை" என்றிருந்தால் நா.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. "இன்றைய விலையில் ஆண்டுக்கு 25,000, விலை 3 விழுக்காடு உயரும்" என்றால் முதல் ஆண்டுத் தொகையே 25,750. "முதல் ஆண்டில் 25,000, அதன்பின் 3 விழுக்காடு உயரும்" என்றால் முதல் ஆண்டு 25,000, இரண்டாம் ஆண்டுதான் 25,750. இரண்டு வாக்கியமும் வேகமாகப் படித்தால் ஒன்றுபோலவே தெரியும். மூன்று ஆண்டுக் கணக்கில் முழு ஓர் ஆண்டின் விலை ஏற்றம் இதில் காணாமல் போகும். "அதன்பின்" என்ற சொல்லைத் தேடுங்கள். இருந்தால் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.

விகிதத்துக்கும் அதே எழுத்து

தள்ளுபடி விகிதத்திலும் இந்த இரண்டு வகை உண்டு. வங்கி உங்களிடம் சொல்லும் வட்டி நாமினல். அரசாங்கப் பத்திரங்களின் வட்டியும் நாமினல். கடன் கொடுப்பவருக்கு விலைவாசி ஏறும் என்று தெரியும், அதற்கும் சேர்த்துத்தான் அவர் வட்டி கேட்கிறார். பங்குதாரர்கள் எதிர்பார்க்கும் வருமானமும் அப்படித்தான். அதனால் சந்தையிலிருந்து எடுத்த எந்த விகிதமும், அவற்றைச் சேர்த்துச் சராசரியாகக் கணக்கிடும் மூலதனச் செலவும் நாமினல் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். கேள்வி "ரியல்" என்று வெளிப்படையாகச் சொன்னால் மட்டுமே ரியல்.

ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகும் வழி இது. r ரியல், i பணவீக்கம், n நாமினல்.

```
(1 + n) = (1 + r) × (1 + i)
1.05 × 1.03 = 1.0815
```

அதாவது 8.15 விழுக்காடு. ஐந்தும் மூன்றும் எட்டு என்று கூட்டிவிடாதீர்கள். வருகிற வட்டியின் மதிப்பையும் விலைவாசி கரைக்கிறது, அந்த 0.15 அதற்கானது. நம் கணக்கில் 8 என்று போட்டால் விடை சுமார் 186 வெள்ளி தள்ளிப்போகும். பெரிய தொகை இல்லை. ஆனால் விடை சுழிக்குப் பக்கத்தில் இருக்கும்போது அதுவே முடிவை மாற்றப் போதும்.

ஒரே வகையை ஒரே வகையோடு

இப்போது விதி ஒன்றுதான்: ரியல் தொகைக்கு ரியல் விகிதம், நாமினல் தொகைக்கு நாமினல் விகிதம். இரண்டு வழியிலும் போட்டுப் பார்ப்போம்.

ரியல் வழி சுருக்கமானது. 25,000 வீதம் மூன்று ஆண்டு, 5 விழுக்காட்டில் வகுத்தால், அதாவது கடக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு தடவை 1.05-ஆல் வகுத்துக் கூட்டினால், நிகழ்கால மதிப்பு 68,081. இயந்திரத்தின் விலை 66,000 போக மீதி 2,081.

நாமினல் வழியில் முதலில் தொகைகளை ஏற்ற வேண்டும். 25,000 என்பது முதல் ஆண்டு 25,750, இரண்டாம் ஆண்டு 26,522.50, மூன்றாம் ஆண்டு 27,318.18. இவற்றை 8.15 விழுக்காட்டில் வகுத்தால் 23,810, 22,676, 21,596. கூட்டினால் மறுபடி 68,081 வெள்ளிதான், மீதியும் அதே 2,081. மேலே 1.03 பெருக்கி, கீழே 1.03 வகுக்கிறோம், அது அடிபட்டுப் போகிறது. விடை ஒன்றாக வருவதற்குக் காரணம் அவ்வளவுதான்.

கலந்தால் என்ன ஆகும்? தம்பி 25,000-ஐ அப்படியே வைத்து 8.15 விழுக்காட்டில் வகுத்தார். மொத்தம் 64,253, அதனால்தான் 1,747 குறைவு. விலைவாசியை விகிதத்தில் கழித்தார், வருமானத்தில் சேர்க்கவில்லை. நல்ல திட்டத்தை வேண்டாம் என்று தள்ளவைக்கும் பிழை இது. எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு: 25,750 முதலிய ஏற்றிய தொகைகளை 5 விழுக்காட்டில் வகுப்பது. அப்போது 6,179 கூடுதல் என்று வந்து, சாதாரணத் திட்டம் பிரமாதமாகத் தெரியும். உங்கள் விடை சந்தேகமாக இருந்தால் இப்படி யோசியுங்கள்: எதிர்பார்த்ததைவிடக் குறைந்திருந்தால் ரியல் தொகையை நாமினல் விகிதத்தில் போட்டிருக்கலாம். கூடியிருந்தால் அதற்கு நேர்மாறு.

எக்செல்லில் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதன் NPV என்ற சூத்திரம் முதல் தொகையை ஓராண்டு கழித்து வருவதாக எடுத்துக்கொள்ளும். இன்று கட்டும் 66,000-ஐ அடைப்புக்குள் போடாமல் வெளியே கழிக்க வேண்டும்.

```
=NPV(0.0815, 25750, 26522.5, 27318.18) - 66000
```

எல்லா விலையும் ஒரே வேகத்தில் ஏறாதபோது

இதுவரை பார்த்தது எளிய கேள்வி. நிஜக் கடையிலும் நல்ல தேர்வுத்தாளிலும் ஒவ்வொரு செலவும் தன் வேகத்தில் போகும். அங்கே ரியல் வழியின் சுருக்கம் கைகொடுக்காது.

மாவுக்கடையின் 25,000 எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்ப்போம். கூடுதல் விற்பனையில் அரிசி, உளுந்துச் செலவு போக நிற்பது 70,000. இயந்திரத்தோடு நிற்க ஓர் ஆள், சம்பளம் 30,000. கூடுதல் இடத்துக்கு வாடகை 15,000. போட்டி காரணமாக விற்பனையில் நிற்கும் தொகை 2 விழுக்காடுதான் ஏறும். சம்பளம் 5 விழுக்காடு ஏறும். வாடகை மூன்றாண்டு ஒப்பந்தம், மாறாது. பொதுப் பணவீக்கம் முன்போலவே 3.

இங்கே செய்ய வேண்டியது, ஒவ்வொரு வரியையும் அதனதன் வேகத்தில் ஏற்றி நாமினல் தொகையாக்குவது. முதல் ஆண்டு 71,400, அதில் சம்பளம் 31,500, வாடகை 15,000 போக மீதி 24,900. இரண்டாம் ஆண்டு 72,828-லிருந்து 33,075-ம் 15,000-ம் போக 24,753. மூன்றாம் ஆண்டு இதேபோல் 24,556. இவற்றை 8.15 விழுக்காட்டில் வகுத்துக் கூட்டினால் 63,599. இயந்திரத்தின் விலையைக் கழித்தால் 2,401 வெள்ளி குறைவு.

இன்றைய விலையில் பார்த்தால் அதே 25,000 தான். ஆனால் முடிவு தலைகீழாகிவிட்டது. வருமானம் மெதுவாகவும் சம்பளம் வேகமாகவும் ஏறுவதால், நடுவில் நிற்கும் மீதி விலைவாசிக்கு ஈடாக வளரவில்லை. வாடகை மூன்றாண்டு நின்றதால்தான் இந்த அளவோடு தப்பித்தது. இந்த மாதிரிக் கேள்வியில் 25,000-ஐ 5 விழுக்காட்டில் வகுத்துவிட்டு வந்தால், கேள்வியின் மையத்தையே தவறவிட்டதாக அர்த்தம்.

பலர் இங்கே இன்னொரு பிழை செய்கிறார்கள். விற்பனை 2 விழுக்காடு ஏறுகிறதே, அதனால் 2-ஐப் போட்டு விகிதத்தை மாற்றலாம் என்று நினைக்கிறார்கள். கூடாது. விகிதத்தை மாற்றப் பயன்படுவது பொதுப் பணவீக்கம் மட்டுமே. பணம் போட்டவருக்கு வெள்ளியின் வாங்கும் சக்தி மொத்தமாக எவ்வளவு குறைகிறது என்பதுதான் அங்கே முக்கியம், மாவின் விலை அல்ல. தொகையை ஏற்ற அந்தந்தப் பொருளின் வேகம், விகிதத்தை மாற்றப் பொது வேகம். கேள்வி நாமினல் விகிதத்தையே கொடுத்துவிட்டால் பொதுப் பணவீக்கம் அநேகமாகத் தேவையே இல்லை. தாளில் கொடுத்திருக்கிறார்கள் என்பதற்காக அதை எங்காவது நுழைக்க வேண்டாம்.

சிங்கப்பூரில் சொந்தக் கடைக்கோ வேலை செய்யும் நிறுவனத்துக்கோ இதைப் போடுபவர்கள் ஒவ்வொரு வரிக்கும் தனியாக யோசிக்க வேண்டும். மத்திய சேமநிதிக்கு முதலாளி கட்டும் பங்கு சம்பளத்தின் விழுக்காடு என்பதால், சம்பளத்தோடு சேர்ந்து ஏறும். வெளிநாட்டு ஊழியருக்கான தீர்வை அப்படியல்ல. அரசாங்கம் வெள்ளியில் நிர்ணயித்த தொகை, அறிவித்து மாற்றும்வரை அப்படியே நிற்கும். அது நாமினல், ஏற்றக்கூடாது. பொதுப் பணவீக்கத்துக்கு எந்த எண் என்ற கேள்வியும் வரும். 2022-இல் ஒட்டுமொத்தப் பணவீக்கம் 6.1 விழுக்காடு, சிங்கப்பூர் நாணய ஆணையம் கவனிக்கும் மூலாதாரப் பணவீக்கம் 4.1. இரண்டாவதில் தங்குமிடச் செலவும் தனியார் போக்குவரத்தும் சேராது. ஒட்டுமொத்த எண்ணில் வாகன உரிமைச் சான்றிதழின் ஏற்ற இறக்கம் கலந்திருப்பதால், சில ஆண்டுகளுக்கு முன்னோக்கிப் போடும் கணக்கில் நான் மூலாதார எண்ணையே எடுப்பேன். அதிலும் ஓர் ஆண்டின் உச்சத்தை எடுக்க மாட்டேன். 2022-இன் எண்ணை அடுத்த ஐந்து ஆண்டுக்கும் ஓட்டினால் கணக்கு கெட்டுவிடும்.

வரி வந்தால் நாமினல் வழியே போங்கள்

வரி இருக்கும் கேள்வியில் ரியல் வழி ஆபத்தானது. காரணம், கேப்பிட்டல் அலவன்ஸ். இயந்திரத்தின் விலையை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள வரித்துறை தரும் அனுமதி அது. சிங்கப்பூரில் பொதுவாக மூன்று ஆண்டுகளில் சம பங்காகக் கழிக்கலாம். 66,000-க்கு ஆண்டுக்கு 22,000. நிறுவன வரி 17 விழுக்காடு என்றால் ஒவ்வோர் ஆண்டும் மிச்சம் 3,740 வெள்ளி. விலைவாசி எவ்வளவு ஏறினாலும் அது 3,740 தான். வாங்கிய விலையை வைத்துத்தான் அனுமதி, அது ஏறாது. எனவே அது பிறவியிலேயே நாமினல் தொகை.

இங்கு இந்த ஆண்டு வருமானத்துக்கான வரி அடுத்த ஆண்டு மதிப்பீட்டில் வருகிறது. அதனால் அந்த மிச்சத்தை இரண்டு, மூன்று, நான்காம் ஆண்டுகளில் போடுவோம். 8.15 விழுக்காட்டில் வகுத்தால் மதிப்பு 8,888 வெள்ளி. இதை இன்றைய விலை என்று தவறாக எண்ணி 5 விழுக்காட்டில் வகுத்தால் 9,700. இல்லாத 812 வெள்ளி கணக்கில் முளைத்துவிடுகிறது. ரியல் வழியில்தான் போவேன் என்றால், 3,740-ஐ ஒவ்வோர் ஆண்டுக்கும் 1.03-ஆல் இறக்கிய பிறகு 5-ஐப் பயன்படுத்தலாம். அதற்கு நேரே நாமினலில் போடுவதே நல்லது.

நிஜத்தில் சிறு நிறுவனங்களுக்குப் பகுதி வரிவிலக்கு இருப்பதால் அவை கட்டும் வரி 17-க்குக் கீழேதான் இருக்கும், மிச்சமும் அதற்கேற்பக் குறையும். தேர்வில் தாளில் கொடுத்த விகிதத்தோடு நில்லுங்கள். வரியைத் தொகைகளில் சேர்த்தால், தள்ளுபடி விகிதமும் வரிக்குப் பிந்தையதாக இருக்க வேண்டும் என்பதையும் பாருங்கள்.

நடைமுறை மூலதனத்திலும் இதே கதை. இன்றைய விலையில் 10,000 வெள்ளிக்கு உளுந்தும் அரிசியும் இருப்பில் வைக்க வேண்டுமென்றால், நாமினல் கணக்கில் முதல் ஆண்டு 300, அடுத்த ஆண்டு 309 கூடுதலாகப் போட வேண்டும். கடைசியில் 10,609 திரும்பி வரும். அதே மூட்டைகளுக்குத்தான் அதிக வெள்ளி.

விகிதம் கொடுக்கப்படாதபோது

தேர்வுக்கு வெளியே முதல் தடுமாற்றம் இதுதான்: எந்த விகிதத்தை எடுப்பது? இயந்திரத்துக்கு வாங்கும் கடனின் வட்டியையே போட்டுவிடுபவர்கள் அதிகம். அது சரியில்லை. கடன் கிடைப்பதே கடையில் உரிமையாளரின் சொந்தப் பணம் தாங்குவதாக இருப்பதால்தான். அந்தப் பணத்துக்கு ஆபத்து அதிகம், எதிர்பார்ப்பும் அதிகம். இரண்டையும் அவற்றின் பங்குக்கு ஏற்பச் சேர்த்துத்தான் விகிதம் வர வேண்டும். திட்டம் கடையின் வழக்கமான தொழிலாக இல்லாமல் வேறு எதுவாகவாவது இருந்தால், அந்தத் தொழிலின் ஆபத்துக்கு ஏற்ற விகிதம் வேண்டும்.

கடன் பங்குக்கு வட்டியை எடுக்கும்போது இன்னொரு பொறி. இங்கே வாகனம், இயந்திரம் போன்றவற்றுக்கான தவணைக் கடன்களில் பெரும்பாலும் ஃபிளாட் ரேட்தான் விளம்பரத்தில் இருக்கும். மூன்றாண்டுக்கு 3 விழுக்காடு ஃபிளாட் என்றால் முழுக் கடனுக்கும் மூன்று ஆண்டும் வட்டி போடுகிறார்கள், ஆனால் நீங்கள் மாதாமாதம் அசலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறீர்கள். மாதத் தவணையில் அதன் உண்மையான வட்டி ஆண்டுக்குச் சுமார் 5.7 விழுக்காடு. கணக்கில் போட வேண்டியது அதுதான். கடன் தாளில் எஃபெக்டிவ் இன்டரஸ்ட் ரேட் என்ற வரியைத் தேடுங்கள். அதுவும் நாமினல்தான், ஆகவே தொகைகளையும் ஏற்றித்தான் எழுத வேண்டும்.

கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி

வரி சேர்க்காத நாமினல் கணக்கில் 2,401 குறைவு வந்ததல்லவா, அதோடு விட்டுவிட வேண்டாம் என்று தம்பியிடம் சொன்னேன். விற்பனை வரியின் வேகத்தை 2-லிருந்து 3-க்கு மாற்றிப் பார்க்கச் சொன்னேன். சம்பளமும் வாடகையும் முன்போலவே. விடை 1,217 வெள்ளி கூடுதலாக வந்தது. சுழியைத் தொடும் இடம் 2.7 விழுக்காட்டுக்குச் சற்றுக் கீழே. அரிசி, உளுந்தின் விலையும் அதே வேகத்தில் ஏறுவதாகக் கொண்டால், 3 வெள்ளிப் பொட்டலத்தில் ஆண்டுக்குச் சுமார் 8 காசு.

ஆனால் மாவுக்கடையில் யாரும் 3.08 என்று விலை எழுதுவதில்லை. ஓராண்டோ இரண்டாண்டோ அப்படியே வைத்திருந்துவிட்டு ஒரே அடியாக 20 அல்லது 30 காசு ஏற்றுவார்கள். முதல் இரண்டு ஆண்டு 3 வெள்ளி, மூன்றாம் ஆண்டு 3.30 என்றால், அந்த வரியை அப்படியே அட்டவணையில் எழுத வேண்டும், சராசரி வேகம் என்று வழித்துவிடக்கூடாது. தம்பி பேனாவை எடுத்து இரண்டாவது தாளின் முதல் வரியை அடித்துவிட்டு, மூன்று ஆண்டுக்கும் தனித்தனிக் கட்டம் போட ஆரம்பித்தார்.